கறிவேப்பிலையை மெல்லலாம், பிரிஞ்சி இலையை எடுத்துவிடுங்கள்

கேள்வி: சாம்பாரிலும் ரசத்திலும் வரும் கறிவேப்பிலையை என் மாமியார் ஒன்றுவிடாமல் மென்று தின்கிறார். என் கணவர் எல்லாவற்றையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார். தினமும் இதே பேச்சுதான். பிரியாணியில் வரும் அந்தப் பெரிய காய்ந்த இலையையும் அப்படித் தின்னலாமா? எதைச் சாப்பிட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும்?

பதில்:

உங்கள் மாமியார் செய்வது சரி. கணவர் செய்வதிலும் தப்பில்லை, கொஞ்சம் நஷ்டம் மட்டும் உண்டு. ஆனால் பிரியாணியில் கிடக்கும் அந்தப் பிரிஞ்சி இலையை மாமியாரே ஆசைப்பட்டாலும் முழுசாகத் தின்ன விடாதீர்கள். கறிவேப்பிலை தின்னக்கூடிய இலை. பிரிஞ்சி இலை வாசனையைக் கொடுத்துவிட்டு வெளியே போகவேண்டிய இலை. இரண்டிலும் விஷம் எதுவும் இல்லை. வித்தியாசம் இலை எப்படி உருவாகியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் நான்கு கறிவேப்பிலையையும் ஒரு பிரிஞ்சி இலையையும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு எடுங்கள். கறிவேப்பிலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கிழிந்துவிடும். நடு நரம்பு மட்டும் கொஞ்சம் நிற்கும், அதையும் பல்லால் அரைத்துவிடலாம். பிரிஞ்சி இலை ஈரமாகி வளையும், ஆனால் கிழியாது. இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் அப்படியேதான் இருக்கும். விளிம்பைத் தடவிப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். மடித்தால் நரம்போரமாக உடைந்து, முனை கூர்மையாக நிற்கும்.

கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். எண்ணெய் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகளைப் பார்க்கலாம். கறிவேப்பிலையைக் கையில் கசக்கியதும் வாசனை தூக்குவது அந்தப் பைகள் உடைவதால்தான். பிரிஞ்சி இலை பட்டை மரத்தின் குடும்பம். மரத்திலேயே பல மாதங்கள் நிற்கிற தடித்த இலை. வெயிலும் மழையும் தாங்குவதற்காக மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே வலுவான நார் எல்லாம் உண்டு. அதைக் காயவைத்தும் விற்கிறார்கள். நம் குக்கர் மூன்று விசிலில் அதை ஒன்றும் செய்துவிட முடியாது.

மெல்லாமல் விழுங்கினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குப் போய்விடும். ஆனால் செரிக்காது. போட்ட உருவத்திலேயே வெளியேறும். எப்போதாவது ஒருமுறை அந்தக் கெட்டி விளிம்பு தொண்டையிலோ உணவுக்குழாயிலோ குறுக்கே மாட்டிக்கொள்ளும். குடலில் போய்க் குத்திய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் தின்று கிடைக்கிற லாபம் சுத்தமாக எதுவுமில்லை என்பதால் அந்த அரிதான ஆபத்தையும் ஏன் ஏற்கவேண்டும்? தெரியாமல் விழுங்கித் தொண்டையில் குத்தல் இருந்தால், மீன் முள்ளுக்குச் செய்கிற சோற்றுருண்டை வைத்தியமோ வாழைப்பழ வைத்தியமோ செய்யாதீர்கள். அது இலையை இன்னும் உள்ளே அழுத்தும். எச்சில் விழுங்க முடியவில்லை, வலி விடவில்லை, ரத்தம் தெரிகிறது என்றால் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஒரே பெயரில் கடையில் கிடைப்பது இரண்டு வேறு மரங்களின் இலை. நம் ஊர் மளிகைக் கடையில் பிரிஞ்சி இலை, பிரியாணி இலை என்று கொடுப்பது இமயமலை அடிவாரத்திலும் மேகாலயா, சிக்கிம் பக்கத்திலும் விளைகிற ஒரு பட்டை மரத்தின் இலை. வடக்கே தேஜ்பத்தா என்பார்கள். காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், அதுதான் அடையாளம். நசுக்கினால் பட்டையும் கிராம்பும் கலந்த மாதிரி மணக்கும். கிராம்பில் இருக்கிற யூஜெனால் இதிலும் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் அழகான பொட்டலத்தில் வருவது மத்தியதரைக் கடல் பக்கத்து இலை. அதில் நடுவில் ஒரே ஒரு நரம்பு, அதிலிருந்து இரு பக்கமும் கிளைகள். இலையும் சின்னது. வாசனை யூக்கலிப்டஸ் பக்கம் சாயும். சூப்புக்கும் ஆட்டிறைச்சிக் குழம்புக்கும் அது நன்றாக இருக்கும், ஆனால் பிரிஞ்சி சாதத்தில் போட்டால் தைல வாசனை எட்டிப் பார்க்கும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ‘நான் வைத்த பிரியாணி ஏன் ஊர் மாதிரி வரவில்லை’ என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தின்னும் விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே விதி: முழு இலையைத் தின்னக்கூடாது.

சரி, கறிவேப்பிலைக்கு வருவோம். தின்னக்கூடியது என்றால் இத்தனை பேர் ஏன் ஒதுக்குகிறார்கள்? ‘கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போட்டுவிட்டார்கள்’ என்று பேச்சு வழக்கே இருக்கிறதே. ஒதுக்குகிறவர்களைக் குறை சொல்வதைவிட, அந்த இலை தட்டுக்கு எந்த நிலையில் வந்தது என்று பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இலை வாயில் நன்றாக இருக்குமா இல்லையா என்பதை அடுப்படியில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார்.

தாளிப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, மிளகாய் நிறம் மாறிய பிறகு கடைசியாகக் கறிவேப்பிலை விழுகிறது. உடனே படபடவென்று தெறிக்கிறதே, அது இலைக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற சத்தம். கழுவிய ஈரத்தோடு போட்டால் முகத்துக்கே வரும். பத்துப் பதினைந்து விநாடியில் தெறிப்பு அடங்கும். அடங்கினால் இலையில் தண்ணீர் அநேகமாகப் போய்விட்டது, இலை மொறுமொறுப்பாகிவிட்டது என்று அர்த்தம். அதே நேரத்தில் இலையின் வாசனை எண்ணெயில் இறங்கியிருக்கும். கறிவேப்பிலை மணம் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அதனால்தான் தாளிப்பு.

அந்த மொறுமொறு இலையை அப்படியே அவல் உப்புமாவிலோ மிக்சரிலோ உருளைக்கிழங்கு வறுவலிலோ போட்டால் யாரும் ஒதுக்க மாட்டார்கள். பலர் தேடி எடுத்துத் தின்பார்கள். அதையே ரசத்தில் கொட்டினால் சில நிமிடங்களில் தண்ணீரை உறிஞ்சி மறுபடியும் தொளதொளவென்று ஆகிவிடும். மொறுமொறுப்பும் போயிற்று, மணத்தில் பாதியும் எண்ணெயோடு போயிற்று. மிஞ்சுவது நாக்கிலும் மேல் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்கிற ஒரு வழவழத்த இலை. உங்கள் கணவர் ஒதுக்குவது அதைத்தான். அதற்கு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் ரசத்துக்கும் சாம்பாருக்கும் என்ன செய்வது? மூன்று வழி உண்டு, மூன்றும் எளிது. முதலாவது, முழு இலையாகப் போடாமல் பொடியாக நறுக்கியோ கையால் இரண்டு மூன்றாகக் கிள்ளியோ போடுவது. கிள்ளினால் எண்ணெய்ப் பைகள் உடைந்து மணமும் கூடும், வாயில் இலையாகவும் தெரியாது. இரண்டாவது, சாம்பார் கொதிக்கும்போதே ஒரு கொத்தின் இலைகளைப் போட்டு வேகவிட்டு, மேல் தாளிப்புக்குத் தனியாகச் சில இலைகள் போடுவது. வெந்தது மிருதுவாக இறங்கிவிடும். மூன்றாவது, ரசத்துக்கு மிளகு, சீரகம், பூண்டு நசுக்கும்போது அதோடு ஏழெட்டு இலையையும் சேர்த்து நசுக்கிவிடுவது. எனக்குப் பிடித்தது இதுதான். மிளகு ரசத்தில் இந்த மணம் அலாதி. எதைச் செய்தாலும் நடுத்தண்டைப் போடாதீர்கள். கொத்தோடு உருவாமல் போடுவது சில ஓட்டல்களின் வழக்கம். அந்தத் தண்டு நார்தான், மெல்ல முடியாது. இலையை உருவிப் போடுங்கள், தண்டை எறிந்துவிடுங்கள். கறிவேப்பிலையில் உண்மையாகவே ஒதுக்கவேண்டியது அது ஒன்றுதான்.

இலையின் வயதும் முக்கியம். கொழுந்தாக இளம்பச்சையில் இருக்கிற இலை எளிதாக மெல்லக்கூடியது, மணம் கொஞ்சம் குறைவு. கரும்பச்சையாக முற்றிய இலையில் மணம் தூக்கல், ஆனால் தோல் தடிப்பு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் காரமடைப் பக்கம் பயிராகிற செங்காம்பு என்கிற ரகம் தண்டு சிவந்து, மணம் நன்றாக இருக்கும். தாளிப்புக்கு முற்றிய இலையையும், சட்னி, துவையல் அரைக்க இளசையும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே வீணாகாது. நன்றாகக் காய்ந்துபோய்ப் பொட்டலத்தில் வருகிற கறிவேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் மணம் பெரும்பாலும் போயிருக்கும், வாயிலும் காகிதம் மாதிரி இருக்கும். ஃபிரீசரில் வைத்த இலை அதைவிட எவ்வளவோ மேல். ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் உருகவிடாமல் நேரே எண்ணெயில் போடவேண்டும், உருகினால் கறுத்துவிடும்.

வீட்டில் எல்லோரும் ஒதுக்குகிறார்கள், ஆனால் சத்து உள்ளே போகவேண்டும் என்று நினைத்தால் பொடி செய்துவிடுவதே நல்ல வழி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கறிவேப்பிலைப் பொடி கெட்டுப்போவதும் கசப்பதும் சில சின்ன விஷயங்களால்தான்.

உருவிய இலை 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி, பருத்தித் துணியில் பரப்பி, நிழலில் ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போகும். மறுநாள் இலையைத் தொட்டால் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. வாணலியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, உளுத்தம்பருப்பு நான்கு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் எட்டு, மிளகு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சிறு தீயில் வறுத்து எடுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைப் பிய்த்துப் போட்டு அதுவும் மொறுமொறுவென்று ஆகும்வரை பிரட்டுங்கள். புளியில் ஈரம் இருந்தால் பொடி முழுக்கக் கட்டி கட்டியாகிவிடும். அப்புறம் இலையை இரண்டு மூன்று ஈடாகப் பிரித்து, சிறு தீயிலேயே விடாமல் கிளறி வறுக்கவேண்டும். ஒரு ஈட்டுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். வாணலியைக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரவேண்டும். ஒரு இலையை விரலால் நசுக்கினால் தூளாகவேண்டும், ஆனால் நிறம் பச்சையாகவே இருக்கவேண்டும். பழுப்பு விழுந்தால் தீ அதிகம். அந்தப் பொடி கசக்கும், என்ன சேர்த்தாலும் சரியாகாது. எல்லாம் ஆறிய பிறகு பருப்பை முதலில் கொரகொரப்பாக அரைத்து, பிறகு இலை, உப்பு, பெருங்காயம் சேர்த்து ஒரு சுற்று விடுங்கள். சூட்டோடு அரைத்தாலோ சூட்டோடு மூடினாலோ ஆவி தண்ணீராகி டப்பாவுக்குள் இறங்கி, சில நாளில் பூசணம் வைக்கும். ஈரமில்லாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் வெளியிலேயே நன்றாக இருக்கும். சூடான சாதம், நல்லெண்ணெய், இந்தப் பொடி ஒரு கரண்டி. உங்கள் கணவர் எதை ஒதுக்குவார்?

யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூளிலும் இதே வேலைதான் நடக்கிறது. கொத்தமல்லி, மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயத்தோடு கறிவேப்பிலையையும் வறுத்துப் போட்டு இடித்துவிடுகிறார்கள். கறியில் இலை கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே போய்விடுகிறது.

சத்து என்றேன். அதைப் பற்றி நிறையப் பேர் அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் கறிவேப்பிலையில் 830 மில்லிகிராம் கால்சியம் என்று இருக்கிறது. எண்ணைப் பார்த்தால் பிரமாதம். ஆனால் 100 கிராம் இலையை யார் தின்கிறார்கள்? ஒருவர் தட்டில் வருவது பத்துப் பன்னிரண்டு இலை. மொத்தமாக 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 16, 17 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 240 இருக்கும். அதுவும் இலையில் ஆக்சலேட் நிறைய இருப்பதால் அந்தக் கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது. ஆகவே சாம்பாரில் கிடக்கும் நான்கு இலையை ஒதுக்குவதால் எலும்பு தேய்ந்துவிடாது. தின்பதால் முடி கறுத்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. பொடியாகவோ துவையலாகவோ ஒரு பிடி உள்ளே போனால் அது கணக்கில் வரும், ஒரு கீரை சாப்பிட்ட மாதிரி. அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம்.

தின்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: மருந்து. கறிவேப்பிலைச் செடிக்குப் பூச்சித் தொல்லை அதிகம், மருந்தும் அதிகம் அடிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்து எச்சத்துக்காக எல்லையில் கூடுதல் சோதனை வைத்ததும் இதனால்தான். காய்கறி வாங்கும்போது கொசுறாக வருகிற கொத்து என்பதால் பலர் அதைக் குழாயில் ஒரு முறை காட்டிவிட்டு எண்ணெயில் போட்டுவிடுகிறார்கள். இலையை உருவி, அகலமான பாத்திரத்தில் உப்பு அல்லது புளி கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மண்ணும் மருந்தும் ஓரளவு போகும். செடிக்குள்ளேயே ஊடுருவுகிற மருந்து கழுவினால் போகாது. அதனால் நிறையத் தின்கிற வீடு என்றால் தொட்டியிலோ கொல்லையிலோ ஒரு செடி வைப்பதுதான் நிஜமான தீர்வு. நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். அடிக்கடி நுனி கிள்ளினால்தான் கிளைக்கும்.

இனி பிரிஞ்சி இலையை எப்படிக் கையாள்வது என்பது. அரைக் கிலோ அரிசிக்கு நடுத்தர அளவில் இரண்டு இலை போதும். நெய்யோ எண்ணெயோ காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு முதலிலேயே போட்டுவிட வேண்டும். சாதம் வேகிற நேரம் முழுக்க அது மெதுவாக மணத்தை விடும். முழு இலையாகவே போடுங்கள். உடைத்துப் போட்டால் மணம் கூடும் என்று சிலர் நான்கைந்து துண்டாக்குகிறார்கள். மணம் கொஞ்சம் கூடலாம், ஆனால் அந்தத் துண்டுகளைப் பிறகு யார் தேடுவது? ஆபத்து வருவதே அப்படி உடைந்த, அரிசிக்குள் ஒளிந்த கூர்முனைத் துண்டுகளால்தான். போடும்போது எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டு, தம் திறந்ததும் அத்தனையையும் எடுத்துவிட்டுக் கிளறுங்கள். சூப்பு, குருமா மாதிரி நீர்த்த பதார்த்தத்தில் இலையை நூலில் கட்டிப் போட்டால் இழுத்தால் வந்துவிடும்.

பிரிஞ்சி இலையையும் தின்ன ஒரே ஒரு வழி இருக்கிறது, அதுவும் பொடிதான். கரம் மசாலா செய்யும்போது இலையின் நடு நரம்பைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மீதியை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று சூடாக்கி, மற்ற சாமான்களோடு நைசாக அரைத்துச் சலித்துவிட வேண்டும். சலிப்பதை விட்டுவிடாதீர்கள். சல்லடையில் நிற்பதெல்லாம் நார். இதிலும் அளவு முக்கியம். ஒரு சின்ன டப்பா மசாலாவுக்கு மூன்று நான்கு இலைக்கு மேல் போனால் கசப்பு ஏறிவிடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கறிவேப்பிலை விஷயத்திலும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். முழு இலை அவர்கள் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஓங்கரிக்க வைக்கும். இரண்டு மூன்று வயது வரைக்கும் அவர்களுக்கு எடுத்துவைக்கிற பருப்பு சாதத்தில் இலை இல்லாமல் பாருங்கள், அல்லது நசுக்கிப் போட்டதை மட்டும் கொடுங்கள். பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும், செட்டுக்கு அடியில் இலை புகுந்தால் பெரிய அவஸ்தை. உங்கள் மாமியாருக்கு இன்னும் சொந்தப் பல் என்றால் அவர் பாட்டுக்கு மெல்லட்டும்.